நாற்பத்தேழரை ரூபாய்க்கு எந்தச் சீட்டுகள்

ஆம்பூர்த் தோல் கிடங்குகளுக்கு நான் பதினாறு வருஷம் ஆவாரம் பட்டை போட்டேன். என் மூட்டையில் மண் இருந்ததாக ஒருவரும் சொன்னதில்லை. கல் இருந்ததாக ஒரு தடவை சொன்னார்கள். அது தராசுக்காரரின் கல். அப்புறம் அவரே வந்து எடுத்துக்கொண்டார்.

பட்டை வேலை ஒன்றும் ரகசியமில்லை. கரட்டில் ஆவாரஞ்செடி தானாக வளரும். கிளையை வெட்டி, கட்டையால் தட்டினால் பட்டை கழன்று வரும். அதை உரித்துக் காயவைத்துக் கட்டி வண்டியில் ஏற்றுவோம். கிடங்கில் தோலோடு சேர்த்துத் தொட்டியில் ஊறப்போடுவார்கள். அதற்கு மேல் என்ன செய்வார்கள் என்று நான் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. நாற்றமே போதுமானதாக இருந்தது.

என் வீட்டுக்காரர் கோலாரில் தங்கச் சுரங்கத்தில் இருந்தார். வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார், தூங்குவார், போவார். பட்டை வியாபாரம் முழுக்க என் கையில். என்னிடம் பன்னிரண்டு பெண்கள் உரித்தார்கள். கிடங்கில் பணம் வந்தால் அவர்களுக்குக் கூலி. வராவிட்டால் அவர்கள் வந்து என் வாசலில் உட்காருவார்கள். சத்தம் போட மாட்டார்கள். அதுதான் கஷ்டம்.

வீட்டில் துணைக்கு என் நாத்தனார். நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று புருஷன் வீட்டிலிருந்து வந்தவள். அப்போது ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

எழுத்து எனக்குச் சுமாராகத்தான் வரும். எண் நன்றாக வரும். எழுத்துத் தெரிந்தவனை ஏமாற்றலாம், எண் தெரிந்தவளை ஏமாற்ற முடியாது என்று ஊரில் சொல்லிக்கொண்டிருப்பேன். நான் சொல்லப்போகிற அந்த வாரத்தில் அதைச் சொல்வதை நிறுத்தி வைத்திருந்தேன்.

நான் பட்டை போட்டது அண்ணன் தம்பி இரண்டு சாயபுகளுக்கு. இரண்டு கிடங்கு, முதுகோடு முதுகு ஒட்டினாற்போல. வாசல் ஒன்று. வண்டி வாசலில் நிற்கும். தராசுக்காரர் எடை போட்டு, ஒரு சீட்டில் எடையும் ரூபாயும் எழுதி, முத்திரை குத்திக் கொடுப்பார். கூலியாட்கள் மூட்டையை எந்தப் பக்கம் பட்டை குறைவோ அந்தப் பக்கம் சுமந்து போவார்கள். வலப்பக்கமா இடப்பக்கமா என்று சீட்டில் எழுதும் வழக்கம் இல்லை. ஒரே கம்பெனி, ஒரே பணப்பெட்டி. எதற்கு எழுத வேண்டும்?

பிறகு அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். வலது கிடங்கு பெரிய சாயபுவுக்கு, இடது சின்ன சாயபுவுக்கு. கணக்குப் புத்தகம், கணக்கப்பிள்ளை, பம்பு, தொட்டி எல்லாம் இரண்டாயிற்று. வாசலையும் தராசையும் தராசுக்காரரையும் பிரிக்க முடியவில்லை. முத்திரையும் ஒன்றுதான். பாகம் பிரிந்த பிறகு நான் எட்டு வண்டி போட்டேன், எட்டுச் சீட்டு வாங்கினேன். யாருக்கு எது போயிற்று என்று அப்போது நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அதை இப்போது சொல்வதில் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

பெரிய சாயபு ஹஜ்ஜுக்குக் கிளம்பினார். ஹஜ்ஜுக்குப் போகிறவர் கடன் வைத்துவிட்டுப் போகக் கூடாது. அதனால் ஒரே வாரத்தில் ஊரெல்லாம் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துத் தீர்த்தார். எனக்கும் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை தராசுக்காரர் ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"பெரிய சாயபு பட்டைக் கணக்கு. நாப்பத்தேழு ரூபா எட்டணா. சுத்தமா தீந்துபோச்சுன்னு சொல்லச் சொன்னாரு."

"எந்தெந்த வண்டிக்கு?"

"அதெல்லாம் எனக்குத் தெர்ல. முடிச்சைக் குடுன்னாரு, குடுத்துட்டேன்."

"கணக்கப்பிள்ளையைக் கேக்கறேன்."

"அவரும் கூடத்தான் போய்க்கீறாரு. பம்பாய் வரைக்கும். சாயபுவைக் கப்பல் ஏத்திட்டு, அப்படியே அவங்க மச்சான் ஊருக்குப் போறாராம்."

"கிடங்கு?"

"பூட்டு."

"புஸ்தகம்?"

"உள்ள."

தராசுக்காரர் நல்ல மனுஷர். எந்த வண்டி எவ்வளவு எடை என்று கேட்டால் போன வருஷத்ததைக்கூடச் சொல்வார். எந்தப் பக்கம் போயிற்று என்று கேட்டால், நான் தராசைத்தான் பார்த்தேன், வாசலைப் பார்க்கவில்லை என்பார். கூலியாட்களைக் கேட்கலாம் என்றால், வாரத்துக்கு ஒரு புது ஆள்.

அன்றைக்கே சின்ன சாயபுவிடம் போனேன். அவருக்கு என் வயதுதான் இருக்கும். பாகம் பிரித்ததிலிருந்து முகம் கொஞ்சம் இறுகியிருந்தது. எட்டுச் சீட்டையும் மேஜைமேல் வைத்தேன்.

"மொத்தம் நூத்தி நாலு ரூபா ஒம்பதணா சாயபு. பெரியவரு நாப்பத்தேழரை குடுத்துட்டாரு. மீதியை நீங்க குடுத்துட்டா கணக்கு முடிஞ்சுது."

"மீதியா? மீதின்னு ஒண்ணும் கெடையாதும்மா. என் கிடங்குக்கு வந்ததுக்கு நான் குடுப்பேன். அண்ணன் கிடங்குக்கு வந்ததுக்கு அண்ணன் குடுப்பாரு. அவரு கம்மியா குடுத்துட்டுப் போயிருந்தா, அதை நான் ஏன் சுமக்கணும்?"

"அப்ப உங்க புஸ்தகத்தைப் பாருங்க. எது உங்களுதுன்னு அதுலயே இருக்குமே."

"இருக்குது. காட்ட மாட்டேன்."

"ஏன்?"

"காட்டினா நீ அதையே திருப்பிச் சொல்லுவ. சுண்ணாம்புக்காரன் இன்னா பண்ணான் தெரியுமா? ஒரே சீட்டுக்கு அண்ணன்கிட்டயும் வாங்கினான், என்கிட்டயும் வாங்கினான். எனக்கு இந்தப் பேஜாரெல்லாம் வேணாம்." சீட்டுகளை என் பக்கம் தள்ளினார். "எது என்னுதுன்னு நீ சொல்லு. என் புஸ்தகத்தோட ஒத்துப்போச்சுன்னா அப்பவே பணம். ஒரு சீட்டு மாறினாலும் அண்ணன் வந்தப்புறம்தான் ஹிசாபு. அடுத்த வருஷப் பட்டைக்கும் வேற ஆளைப் பாத்துக்கறேன். ஒரு தடவைதான் கேப்பேன்."

"எப்ப சொல்லணும்?"

"வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன்னாடி. சனிக்கிழமை மெட்ராஸ் போறேன்."

பெரிய சாயபு திரும்பி வர நாலைந்து மாசம் ஆகும். கையிலிருந்த நாற்பத்தேழரை ரூபாயில் பாதி வண்டிக்காரனுக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் போய்விடும். பன்னிரண்டு பெண்களுக்குக் கூலி மிச்சத்தில் முடியாது. இதில் பள்ளிகொண்டாப் பட்டை வியாபாரி ஒருவர் அந்தப் பெண்களிடம் முன்பணம் தருகிறேன் என்று ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தார். சனிக்கிழமைக்குள் நான் கூலி கொடுக்காவிட்டால் அவர்கள் அவரிடம் போவார்கள். போனால் அவர்கள்மேல் தப்பும் இல்லை.

வீட்டுக்கு வந்து எட்டுச் சீட்டையும் அடுப்படித் தரையில் வரிசையாக வைத்தேன். காற்றுக்குப் பறக்காமல் ஒவ்வொன்றின்மேலும் ஒரு வெங்காயம். பதினேழு ரூபாய் மூன்றணா, பதினாறு ரூபாய் நாலணா, பதினாலு ரூபாய் ஆறணா, பதின்மூன்றரை, பன்னிரண்டு ரூபாய் இரண்டணா, பதினொன்றேகால், பத்து ரூபாய் இரண்டணா, ஒன்பதே முக்கால். இதில் எவற்றைச் சேர்த்தால் நாற்பத்தேழரை வரும் என்பதுதான் கேள்வி. கேள்வி இவ்வளவு சின்னதாக இருந்ததால் சோறு வடிப்பதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

பெரியதிலிருந்து ஆரம்பித்தேன். மேலே இருந்த மூன்றையும் கூட்டினால் நாற்பத்தேழு ரூபாய் பதின்மூன்றணா.

"வந்துடுச்சே அண்ணி!" என்றாள் நாத்தனார்.

"அஞ்சணா ஜாஸ்தி."

"அஞ்சணாதானே. சாயபு மறந்திருப்பாரு."

"ஹஜ்ஜுக்குப் போறவரு அஞ்சணா கடன் வெச்சுட்டா போவாரு?"

"நான் போனா வெச்சுட்டுத்தான் போவேன்."

"நீ எங்கயும் போக மாட்ட. அதான் ஒம்போது வருஷமா பாக்கறேனே."

அவள் வெங்காயத்தில் ஒன்றை எடுத்து உரிக்கப் போய்விட்டாள். அன்றைக்குக் குழம்பு வைக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் நாள் காலையில்தான் எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. வந்த பணத்தில் எட்டணா. எட்டு இரட்டை. எட்டுச் சீட்டில் ஏழின் அணாவும் இரட்டை. பதினேழு ரூபாய்ச் சீட்டில் மட்டும் மூன்றணா, ஒற்றை. ஒற்றை ஒன்றே ஒன்றை உள்ளே விட்டால் மொத்தமும் ஒற்றையாகத்தான் முடியும், எட்டில் வந்து நிற்காது. ஆகவே அந்தச் சீட்டு பெரியவருடையது அல்ல. அதைத் தூக்கிச் சின்ன சாயபு பக்கம் வைத்தேன். எட்டு ஏழாயிற்று.

பிறகு, எத்தனை சீட்டு என்று பார்த்தேன். ஏழில் பெரிய மூன்றைக் கூட்டினாலும் நாற்பத்து நாலு ரூபாய் இரண்டணாதான். மூன்று போதாது. சிறிய ஐந்தைக் கூட்டினாலே ஐம்பத்தாறே முக்கால். ஐந்து அதிகம். அப்படியானால் நாலு. நாலைத் தேடி எடுப்பதைவிட, விட வேண்டிய மூன்றைத் தேடுவது சுலபம். ஏழும் சேர்ந்தால் எண்பத்தேழு ரூபாய் ஆறணா. அதில் நாற்பத்தேழரை போனால் முப்பத்தொன்பது ரூபாய் பதினாலணா. எந்த மூன்று அதைத் தரும்?

கரியால் தரையில் எழுதி எழுதி அழித்தேன். நாத்தனார் பின்னாலேயே சாணி மெழுகிக்கொண்டு வந்தாள். இரண்டு கணக்கு அப்படியே மெழுகப்பட்டுவிட்டது. சாயங்காலம் பதினாறேகால், பதின்மூன்றரை, பத்து ரூபாய் இரண்டணா மூன்றையும் வைத்துப் பார்த்தேன். முப்பத்தொன்பது ரூபாய் பதினாலணா. ஒரு காசு முன்னே பின்னே இல்லை. மிச்சம் நாலும், பதினாலு ரூபாய் ஆறணா, பன்னிரண்டு ரூபாய் இரண்டணா, பதினொன்றேகால், ஒன்பதே முக்கால், கூட்டினால் அச்சாக நாற்பத்தேழரை.

வேறு மூன்று அதே தொகையைத் தருமா என்றும் வியாழக்கிழமை முழுக்கப் பார்த்தேன். தரவில்லை. எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது. நாத்தனாரைக் கூப்பிட்டு, எழுத்துத் தெரிந்தவனை ஏமாற்றலாம், எண் தெரிந்தவளை ஏமாற்ற முடியாது என்றேன்.

"யாரு ஏமாத்தினாங்க உன்னை?" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் நானும் அவளும் போனோம். பெரியவர் கொடுத்துத் தீர்த்த நாலு சீட்டு மடியில், சின்ன சாயபுவிடம் கொடுக்க வேண்டிய நாலு கையில். அவர் கிடங்கில் வெள்ளிக்கிழமை பணம் கொடுக்கும் நாள். மேஜைக்குப் பின்னால் சாயபு, பக்கத்தில் கணக்கப்பிள்ளை, முன்னால் நாங்கள் வரிசை. எனக்கு முன்னால் கடுக்காய் போடுகிறவள். அவளுக்கு மூன்று வண்டி. கணக்கப்பிள்ளை ரூபாயை எண்ணி வைத்தார். அவள் எடுத்து முடிந்துகொண்டு, மூன்று ஓரணாக் காசை மேஜைமேல் இருந்த தகரப் பெட்டியில் போட்டாள். டக், டக், டக்.

அது மதரசாப் பெட்டி. பிள்ளைகள் ஓதுகிற பள்ளிக்கூடத்துக்காக. கிடங்குக்குச் சரக்குப் போடுகிற எல்லாரும் வண்டிக்கு ஓரணா அதில் போடுவது வழக்கம். இந்து, கிறிஸ்தவர், துலுக்கர் என்று பேதம் கிடையாது. யாரும் கேட்க மாட்டார்கள், யாரும் போடாமல் இருக்க மாட்டார்கள். பாகம் பிரித்தபோதுகூட அந்தப் பெட்டியை இரண்டாக்கவில்லை.

கணக்கப்பிள்ளை, "அடுத்தது பட்டைக்காரம்மா" என்றார். நான் மேஜைக்கு முன்னால் வந்தேன். இன்னும் பணமே வாங்கவில்லை, என் இடது கை தானாகச் சுருக்குப்பைக்குள் போய்ச் சில்லறையைத் தேடிக்கொண்டிருந்தது. பதினாறு வருஷப் பழக்கம். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இத்தனை வருஷமும் இந்த மேஜையில் முழுப் பணம் வாங்கி, ஓரணாவை நானே என் கையால் போட்டு வந்திருக்கிறேன். ஆகவே அது பிடித்தம் என்றே எனக்கு எப்போதும் தோன்றியதில்லை. கொடுத்த பணம் முழுசு, போட்ட காசு என்னுடையது. ஆனால் பெரிய சாயபுவின் பணம் மேஜையில் வரவில்லை. துணி முடிச்சில் வந்தது. நான் பெட்டிக்கு முன்னால் நிற்கவே இல்லை. மக்காவுக்குப் போகிற மனுஷர், மதரசாவுக்குச் சேர வேண்டியதை விட்டுவிட்டா போயிருப்பார்?

"சீட்டைக் குடும்மா" என்று சாயபு கையை நீட்டினார்.

நீட்டிய கைக்கும் என் கைக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"கொஞ்சம் பொறுங்க சாயபு. வர்றேன்."

"இன்னா, சீட்டைத் தொலைச்சுட்டியா?"

"இல்ல."

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிட்டுப் போ. அண்ணன் வரட்டும்."

"தொழுகைக்கு இன்னும் நேரம் கீது இல்ல?"

"கீது. பாங்கு சொன்னா எழுந்துடுவேன்."

வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்கள் யார் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது. எழுத மாட்டேன்.

வாசலில் தராசுக் கொட்டகைக்குப் போனேன். தராசுக்காரர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"பெரிய சாயபு கணக்கப்பிள்ளை கிளம்பறதுக்கு முன்னாடி மதரசாப் பொட்டியில காசு போட்டாரா?"

"போட்டாரே. கை நிறைய சில்லறை கொண்டாந்து கொட்டினாரு. பட்டைக்காரம்மா பங்கு, சுண்ணாம்புக்காரன் பங்கு, கடுக்காய்க்காரி பங்குன்னு சொல்லிச் சொல்லிப் போட்டாரு."

"என் பங்கு எத்தனை அணா?"

"அதை யாரு எண்ணிக்கினு இருந்தா? நான் தராசுக்காரன்."

அப்படியானால் என் பணத்தில் வண்டிக்கு ஓரணா பிடித்துத்தான் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். முடிச்சில் வந்த நாற்பத்தேழரையைச் சீட்டுகளின் முழுத் தொகையோடு ஒத்துப்பார்த்தது என் தப்பு. எண்ணில் தப்பே இல்லை. அதனால்தான் அது கண்ணில் படவில்லை. தப்பான கேள்விக்குச் சரியான விடையாக நாலு சீட்டு அச்சாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தது. பொருந்தாமல் இருந்திருந்தால் முதல் நாளே யோசித்திருப்பேன்.

எடைக்கல் பெட்டிமேல் எட்டுச் சீட்டையும் பரப்பினேன். எத்தனை அணா பிடித்தார்கள் என்று தெரியாது. எத்தனை வண்டியோ அத்தனை அணா. எத்தனை வண்டி என்பதும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு சீட்டிலும் ஓரணாவைக் குறைத்தேன். அப்படிச் செய்தால் எத்தனை சீட்டை எடுத்தாலும் பிடித்தம் தானாகக் கழிந்துவிடும், நாற்பத்தேழரையை நாற்பத்தேழரையாகவே தேடலாம்.

"பாங்கு சொல்லப் போறாங்க அண்ணி" என்றாள் நாத்தனார்.

"வாயை மூடு."

"நான் மூடிட்டா அவரு சொல்லாம இருப்பாரா?"

ஓரணா குறைந்ததும் எல்லாம் தலைகீழாயிற்று. இரட்டையாக இருந்த ஏழும் ஒற்றை. ஒற்றையாக இருந்த பதினேழு ரூபாய்ச் சீட்டு இப்போது இரண்டணா, இரட்டை. மொத்தம் எட்டணாவில் நிற்க வேண்டுமானால் அந்த ஏழிலிருந்து இரண்டு வரலாம், நாலு வரலாம். ஒன்று, மூன்று, ஐந்து வராது. ஆறு என்றால் எழுபதைத் தாண்டிவிடும்.

இரண்டு மட்டும் என்றால் போதாது, பதினேழு ரூபாய்ச் சீட்டும் கூட வர வேண்டும். அதோடு பெரிய இரண்டையும் சேர்த்தால் நாற்பத்தேழு ரூபாய் பத்தணா. மறுபடியும் பக்கத்தில் வந்து நின்றது, இரண்டணா ஜாஸ்தி. எதை மாற்றினாலும் ஒரே குதியில் நாற்பத்தேழுக்குக் கீழே போய்விட்டது. ஆகவே அது இல்லை. நாலோடு பதினேழையும் சேர்த்தால், சிறிய நாலாகவே இருந்தாலும் அறுபது ரூபாய். அதுவும் இல்லை. பதினேழு ரூபாய்ச் சீட்டு மறுபடியும் சின்ன சாயபு பக்கமே போயிற்று. மிச்சம் ஏழில் நாலு.

நாலு என்றால் பிடித்தம் நாலணா. முழுத் தொகையாகப் பார்த்தால் நாற்பத்தேழு ரூபாய் பன்னிரண்டணா. நேற்று வரை என்னிடம் இருந்த நாலும் நாற்பத்தேழு ரூபாய் எட்டணா. இன்னும் நாலணா வேண்டும். எதைக் கொடுத்து எதை வாங்கினால் நாலணா கூடும்?

பன்னிரண்டு ரூபாய் இரண்டணாவும் பதினொன்றேகாலும் சேர்ந்தால் இருபத்துமூன்று ரூபாய் ஆறணா. இந்தப் பக்கம் பதின்மூன்றரையும் பத்து ரூபாய் இரண்டணாவும் சேர்ந்தால் இருபத்துமூன்று ரூபாய் பத்தணா. இரண்டுக்கு இரண்டாக மாற்றி வைத்தேன். பதினாலு ரூபாய் ஆறணா, பதின்மூன்றரை, பத்து ரூபாய் இரண்டணா, ஒன்பதே முக்கால். நாற்பத்தேழு ரூபாய் பன்னிரண்டணா. நாலணா மதரசாவுக்கு. மிச்சம் நாற்பத்தேழரை.

வேறு நாலு வருமா என்று பார்க்க வேண்டும். முந்தின நாள் மாதிரி முழு நாள் இல்லை. விட வேண்டிய மூன்றும் சேர்ந்து முப்பத்தொன்பது ரூபாய் பத்தணா ஆக வேண்டும். பதினாறேகால் அதில் இல்லாவிட்டால், மற்றவற்றில் பெரிய மூன்றும் நாற்பதே. அதில் எதைக் கீழே இறக்கினாலும் முப்பத்தொன்பது ரூபாய் இரண்டணாவுக்கு மேல் வரவில்லை. ஆகவே பதினாறேகால் இருந்தாக வேண்டும். அதற்கு ஜோடி இருபத்துமூன்று ரூபாய் ஆறணா. இருந்த ஆறு சீட்டில் அந்த ஜோடி ஒன்றுதான். பெட்டியை விட்டு எழுந்தேன்.

"இப்ப சரியா?" என்று நாத்தனார் கேட்டாள்.

"சரி."

"நேத்தும் சரின்னுதானே சொன்ன."

"நேத்து வரைக்கும் மூணு நாள் பார்த்தேன். இன்னிக்கு ஒரு மணி நேரம்தான் பார்த்தேன்."

"அப்ப நேத்துதான் சரியா இருக்கணும்."

அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. மேஜையில் வரிசை முடிந்துவிட்டது. சாயபு தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார். நாலு சீட்டை நீட்டினேன். பதினேழு ரூபாய் மூன்றணா, பதினாறேகால், பன்னிரண்டு ரூபாய் இரண்டணா, பதினொன்றேகால்.

"கடைசியா கேக்கறேன். இதானா?"

"இதான்."

அவர் புத்தகத்தை எனக்குத் தெரியாதபடி சாய்த்து வைத்துக்கொண்டார். ஒரு சீட்டைப் பார்ப்பார், விரலால் வரியைத் தேடுவார். பதினேழு, தலையாட்டினார். பதினாறேகால், தலையாட்டினார். பன்னிரண்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினார், மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார். கணக்கப்பிள்ளை எட்டிப் பார்த்து ஒரு வரியைத் தொட்டார். சாயபு அவர் கையைத் தட்டிவிட்டார்.

"எனக்குத் தெரியுது."

பதினொன்றேகாலையும் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடினார். கணக்கப்பிள்ளையைப் பார்த்து, "ஐம்பத்தாறு ரூபா பதிமூணணா" என்றார். அவர் எண்ணி வைத்தார். நான் திருப்பி எண்ணினேன். எண்ணிவிட்டு நாலணாவைப் பெட்டியில் போட்டேன். அதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"காலையில கையில வெச்சிருந்தியே, அதுவும் இதே நாலுதானா?"

இல்லை என்று சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஆனாலும் பொய் சொல்வதற்கு அவர் அவ்வளவு பெரிய மனுஷராக எனக்குப் படவில்லை.

"இல்ல. ரெண்டு மாறியிருந்துச்சு."

"அப்ப காலையில குடுத்திருந்தா?"

"அடுத்த வருஷம் உங்களுக்கு வேற ஆளு பட்டை போட்டிருப்பான். மண்ணோட."

கணக்கப்பிள்ளை இருமினார். சாயபு சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை, தாடி மறைத்துவிட்டது. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். சீட்டை உற்றுப் பார்த்தேன், தெரிந்தது என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவர் புத்தகத்தை அவர் எனக்குக் காட்டினாரா?

"ஆனா ஒண்ணு சாயபு. இனிமே சீட்டுல எந்தக் கிடங்குன்னு எழுதணும். வலதுன்னா ஒரு கோடு, இடதுன்னா ரெண்டு கோடு. எழுதலைன்னா வண்டியை விட்டு மூட்டை எறங்காது."

"நீ எனக்கு கண்டிஷன் போடறியா?"

"உங்களுக்கு இல்ல. தராசுக்காரருக்கு."

பாங்கு சொன்னார்கள். அவர் எழுந்தார். போகிற போக்கில் வாசலில் தராசுக்காரரிடம் நின்று இரண்டு வார்த்தை பேசினார். தராசுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. அவருக்கு வேலை ஒரு கோடு கூடியிருந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் பன்னிரண்டு பெண்களும் வந்தார்கள். வாசலில் உட்கார்ந்தார்கள். கூட ஒரு ஆளும் வந்திருந்தார், மடிப்புக் கலையாத வேட்டி, கையில் குடை. பள்ளிகொண்டா வியாபாரி. என்னிடம் பணம் இல்லை என்று தெரிந்ததும் அங்கேயே முன்பணம் கொடுத்துக் கையோடு அழைத்துப்போக வந்திருந்தார். நல்ல ஏற்பாடு. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் கொடுத்தேன். பன்னிரண்டு பேருக்கும் சரியாக இருந்தது. வாங்கிக்கொண்டு அவர்கள் கரட்டுப் பக்கம் உரிக்கப் போனார்கள். வியாபாரி மட்டும் குடையோடு நின்றார்.

"மீதி ஏதாவது பாக்கி கீதா பட்டைக்காரம்மா?" என்றார்.

"யாருக்கு?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

"உங்களுக்கு ஒண்ணும் பாக்கி இல்ல" என்றேன். அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டார். பள்ளிகொண்டாப் பக்கம் போகிற வண்டியைச் சொன்னேன்.